சண்டையாகிப்போன சாட்டிலிருந்து யார் மீதும் பழி விழாத சம்பவச் சுருக்கத்தை எழுதுவது

கேள்வி: போன வாரம் எங்கள் சிஸ்டம் அரை மணி நேரம் படுத்துவிட்டது. அந்த நேரத்து டீம் சாட் முழுக்கச் சண்டை, குத்தல், "நான் அப்பவே சொன்னேன்" வகைப் பேச்சு. ரிவ்யூ கூட்டத்துக்கு நான்தான் சுருக்கம் எழுத வேண்டும். யாரையும் குற்றவாளியாக்காமல், அதே சமயம் பூசி மெழுகாமல் எப்படி எழுதுவது?

பதில்:

சாட்டில் உள்ள கோபத்தைத் துடைத்துவிட்டு மிச்சத்தை நாகரிகமாக எழுதினால் போதும் என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அப்படி எழுதினால் பூசி மெழுகிய ஆவணம்தான் கிடைக்கும். ஏனென்றால், அந்த அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் வெடித்த இடத்துக்கு அடியில்தான் பெரும்பாலும் ரிவ்யூவுக்குத் தேவையான தகவல் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சூடான வரியையும் நீக்குவதற்கு முன், அந்த மனிதர் எதைப் பார்த்து இப்படிச் சொன்னார் என்று கேட்டு, கிடைக்கும் விடையை மட்டும் சுருக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு குழுவில் நடந்த சம்பவத்தை வைத்து இதைக் காட்டுகிறேன்.

ஆர்டர்களைச் சேமிக்கும் டேபிளில் ஒரு புதிய இன்டெக்ஸ் சேர்ப்பதற்கான மைக்ரேஷன் பிற்பகல் 14:02-க்கு புரொடக்‌ஷனில் ஓடத் தொடங்கியது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். சாட்டில் அடுத்து வந்தவற்றில் முக்கியமான வரிகள் இவை:

```
14:06  ஆர்டர் எதுவும் சேவ் ஆகலை. யாராவது இப்ப டிப்ளாய் பண்ணீங்களா?
14:08  மறுபடியும் மைக்ரேஷனா? போன மாசமே சொன்னேன், யாரும் கேக்கலை
14:11  CONCURRENTLY-ய யாருய்யா எடுத்தது? அடிப்படை கூடத் தெரியாம கோட் போடறதா?
14:12  ரிவ்யூ பண்ணவர் கண்ண மூடிக்கிட்டு அப்ரூவ் பண்ணாரா?
14:14  அதை கில் பண்ணுங்க
14:15  பண்ணாதீங்க! பாதியில நிறுத்தினா டேபிள் போயிடும்
14:24  நிறுத்திட்டேன். ஆர்டர் வருது
14:25  ஒம்பது நிமிஷம் சும்மா உக்காந்திருந்தோம். சூப்பர்
```

போஸ்ட்கிரெஸில் சாதாரண `CREATE INDEX` ஓடும்போது அந்த டேபிளைப் படிக்க முடியும், எழுத முடியாது. `CONCURRENTLY` என்ற சொல்லைச் சேர்த்தால் வேலை முடிய அதிக நேரம் பிடிக்கும், ஆனால் எழுதுவது தடைபடாது. அந்தச் சொல் இல்லாமல் ஓடியதால் 22 நிமிடங்களுக்கு ஒரு புதிய ஆர்டர்கூடச் சேமிக்கப்படவில்லை. சம்பவம் இவ்வளவுதான்.

சுருக்கத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. சாட்டை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பார்க்க வேண்டிய சிலருக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் எழுதியவர்கள் மறுநாள் வெட்கப்பட்டுத் தங்கள் வரிகளை அழிக்கத் தொடங்குவார்கள், அழிந்த வரிகளோடு நேரக்குறிப்பும் போய்விடும். சாட் காட்டும் நேரம் பார்ப்பவருடைய நேர மண்டலத்தில் இருப்பதையும், லாக் பெரும்பாலும் யுடிசியில் இருப்பதையும் கவனித்து, இரண்டையும் ஒரே நேரக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். சாட்டின் நேரம் ஒருவர் ஒன்றைச் சொன்ன நேரம் மட்டுமே, அது நடந்த நேரம் அன்று. எங்கள் சம்பவத்தில் சாட்டை மட்டும் படித்தவர்கள் பாதிப்பு 14:06-இல் தொடங்கியதாக நினைத்தார்கள். தரவுத்தள லாக்கின்படி எழுதுதல்கள் 14:02 முதலே காத்திருக்கத் தொடங்கிவிட்டன. இந்த 4 நிமிட இடைவெளிக்கும் காரணம் உண்டு: படிப்பது தடைபடாததால் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கும் கண்காணிப்பு எல்லாம் நலம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. சாட்டில் யாரும் இதைப் பற்றிச் சண்டை போடவில்லை, ஆகவே சாட்டை மட்டும் நம்பியிருந்தால் இது சுருக்கத்தில் வந்திருக்காது.

இனி சூடான வரிகளுக்கு வருவோம். 14:11 வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "அடிப்படை கூடத் தெரியாம" என்பது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு, அது சுருக்கத்தில் வராது. ஆனால் அந்த வரிக்குள் ஒரு நல்ல கேள்வியும் இருக்கிறது: `CONCURRENTLY` எப்படி இல்லாமல் போனது? இதை நான் மைக்ரேஷனை எழுதிய பொறியாளரிடம் தனியாகக் கேட்டேன். "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்கவில்லை. "ஏன்" என்று கேட்டால் மனிதர்கள் சமாதானம் சொல்லத் தொடங்குகிறார்கள். "அதை எழுதும்போது உங்கள் திரையில் என்ன இருந்தது?" என்று கேட்டேன். அவர் காட்டியது இது:

```
CREATE INDEX CONCURRENTLY idx_orders_customer ON orders (customer_id);
ERROR:  CREATE INDEX CONCURRENTLY cannot run inside a transaction block
```

அதாவது அவர் அந்தச் சொல்லை முதலில் எழுதித்தான் இருக்கிறார். எங்கள் மைக்ரேஷன் கருவி ஒவ்வொரு மைக்ரேஷனையும் தானாகவே ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து ஓட்டும், டிரான்ஸாக்‌ஷனுக்குள் `CONCURRENTLY` ஓடாது. கருவியில் அந்தச் சுற்றுதலை நிறுத்த ஓர் அமைப்பு இருந்தது, ஆனால் பிழைச்செய்தியோ எங்கள் உள் வழிகாட்டியோ அதைச் சொல்லவில்லை. சொல்லை நீக்கியதும் பிழை போய்விட்டது, சோதனைச் சூழலில் ஒரு நொடிக்குள் ஓடி முடிந்தது. சோதனைச் சூழலின் டேபிளில் சில ஆயிரம் வரிசைகளே இருந்தன, புரொடக்‌ஷனில் பல கோடி. பிழை வந்தது, சரிசெய்தார், சோதித்தார், பச்சை விளக்கு எரிந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அடியும் நியாயமானது.

14:12 வரிக்கும் இதே போல ஒரு விடை கிடைத்தது. சொல் நீக்கப்பட்டது முதல் கமிட்டுக்கு முன்பே. ஆகவே ரிவ்யூ செய்தவரின் திரையில் "நீக்கப்பட்ட சொல்" என்று சிவப்பில் எதுவும் தெரியவில்லை, புதிதாகச் சேர்ந்த ஒற்றை வரி மட்டுமே பச்சையில் இருந்தது. டேபிளின் அளவு அந்தத் திரையில் எங்கும் இல்லை. கண்ணைத் திறந்துவைத்திருந்தாலும் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

விளைவு தெரிந்த பிறகு அது முன்பே கணிக்கக்கூடியதாக இருந்தது போலத் தோன்றும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு சொல்லப்பட்டவர்கள், அது சொல்லப்படாதவர்களைவிட அந்த முடிவுக்கு அதிக வாய்ப்பு இருந்ததாக மதிப்பிட்டார்கள். தங்கள் மதிப்பீட்டை அந்தத் தகவல் எவ்வளவு மாற்றியது என்பதையும் அவர்கள் உணரவில்லை. சம்பவச் சுருக்கம் எழுதுபவர் எப்போதும் முடிவு தெரிந்தவர்தான். "அந்த நிமிடத்தில் அவர் என்ன பார்த்தார்" என்ற கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்தத்தான், நல்ல மனிதராகத் தோன்றுவதற்காக அல்ல.

எனக்கு மிகப் பிடித்தது 14:14-க்கும் 14:24-க்கும் இடையிலான பகுதி. வெளியிலிருந்து படித்தால், ஒருவர் சரியாகச் சொன்னார், இன்னொருவர் குறுக்கே விழுந்து 9 நிமிடங்களை வீணடித்தார் என்றுதான் தோன்றும். குறுக்கே விழுந்தவரிடம் பேசியபோது, அவர் தம் நினைவிலிருந்த ஓர் உண்மையான எச்சரிக்கையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. `CONCURRENTLY` வகையில் ஓடும் இன்டெக்ஸ் உருவாக்கம் பாதியில் நின்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று பின்னால் தங்கிவிடும், அதைக் கையால் நீக்க வேண்டும். அன்று ஓடிக்கொண்டிருந்ததோ சாதாரண வகை, அது நிறுத்தப்பட்டால் முழுவதுமாகப் பின்வாங்கிவிடும், டேபிளுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டை ஆவணத்தில் தேடிப் படித்து உறுதிசெய்த பிறகுதான் ஆன்-கால் பொறியாளர் `pg_cancel_backend` கொடுத்து நிறுத்தியிருக்கிறார். அந்த 9 நிமிடங்களும் தேடலில் போயின. எங்கள் ரன்புக்கில் இதற்கென்று இரண்டு வரிகள் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். "சும்மா உக்காந்திருந்தோம்" என்ற குத்தலைத் தோண்டியபோது கிடைத்த தகவல் இதுதான், மொத்தச் சுருக்கத்திலும் அதிகம் பயன்பட்டதும் இதுவே.

"போன மாசமே சொன்னேன்" என்ற வரியைப் பெரும்பாலோர் முதலிலேயே நீக்கிவிடுவார்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கும் வரி. நீக்கக் கூடாது. போய்த் தேடிப் பார்த்தால், உண்மையிலேயே ஒரு மாதத்துக்கு முன் வேறொரு சானலில் "பெரிய டேபிள்களில் மைக்ரேஷன் ஓட்டும்போது லாக் ஆகிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதியிருந்தார். சிலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். டிக்கெட்டாக மாறவில்லை, வழிகாட்டியில் ஏறவில்லை, புதிதாகச் சேர்ந்தவர் அந்தச் சானலில் இல்லை. ஆக, எச்சரிக்கை இருந்தது, அது போய்ச் சேரும் வழி இருக்கவில்லை. "யாரும் கேக்கலை" என்பதன் உள்ளடக்கம் இவ்வளவே.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே உதவாது, நம் மொழியில் பழி ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேறு. "சோதிக்காமலேயே வெளியிட்டார்" என்ற தொடரில் உள்ள ஏகாரம் ஒன்றே குற்றச்சாட்டைச் சுமக்கிறது. "லாக்கைக் கூடப் பார்க்கவில்லை" என்பதில் "கூட" அதையே செய்கிறது. "வெளியிட்டுவிட்டார்" என்பதில் "விடு" என்ற துணைவினை, வேண்டாதது நடந்துவிட்டது என்ற தொனியைக் கொண்டுவருகிறது. "பார்த்திருக்க வேண்டும்", "கேட்டிருக்கலாம்" என்பவை நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியங்கள், சம்பவ வரலாற்றில் நடந்தவற்றுக்கு மட்டுமே இடம். வரைவு முடிந்ததும் ஏகாரத்தையும், "கூட", "விட்டார்", "இருக்க வேண்டும்", "கவனக்குறைவு", "அவசரப்பட்டு" ஆகியவற்றையும் தேடல் கட்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஏகாரம் தேடலில் சிக்குவது கடினம், சத்தமாகப் படித்தால் காதில் விழும்.

இதற்கு நேர் எதிரான பள்ளம் செய்தவரை மறைக்கும் வினைவடிவம். "சொல் நீக்கப்பட்டது", "தாமதம் ஏற்பட்டது", "தவறு நிகழ்ந்தது" என்று எழுதினால் யார் மீதும் பழி விழாது, உண்மைதான். ஆனால் யார், எதைப் பார்த்து, எதைச் செய்தார் என்ற இணைப்பும் அறுந்துபோகிறது. பூசி மெழுகுவது என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இந்த வினைவடிவத்தில்தான் நடக்கிறது. செய்தவரை வாக்கியத்தில் வையுங்கள், பெயருக்குப் பதிலாகப் பணியைச் சொல்லுங்கள்: மைக்ரேஷனை எழுதிய பொறியாளர், ரிவ்யூ செய்தவர், ஆன்-கால் பொறியாளர். எல்லோருக்கும் "அவர்", "செய்தார்" என்ற ஒரே மரியாதை வடிவம் இருக்கட்டும். சாட்டில் ஒருவரை "அவன்" என்றும் இன்னொருவரை "சார்" என்றும் சொல்லியிருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு வரைவுக்குள் தெரியாமல் நுழைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு பேர் மட்டுமே உள்ள குழுவில் பணிப்பெயர் சொன்னாலும் யார் என்று தெரிந்துவிடும் என்பது உண்மை. அங்கே பாதுகாப்பு தருவது பெயரை மறைப்பதன்று, அவர் எடுத்த முடிவோடு அப்போது அவர் கண்முன் இருந்த காரணத்தையும் அதே வாக்கியத்தில் வைப்பதுதான்.

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை 2017 பிப்ரவரி 28 அன்று பாதிக்கப்பட்டபோது அந்த நிறுவனம் வெளியிட்ட விளக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. அனுமதி பெற்ற குழு உறுப்பினர் ஒருவர், வழக்கமான செயல்முறைக் குறிப்பின்படி ஒரு கட்டளையை இயக்கினார், அதன் உள்ளீடுகளில் ஒன்று தவறாக இடப்பட்டதால் நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டன என்று அது மறைக்காமல் சொல்கிறது. அதோடு, குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகும் அளவுக்குச் சர்வர்களை அகற்ற முடியாதபடியும், அகற்றுவது மெதுவாக நடக்கும்படியும் அந்தக் கருவியை மாற்றியதாகவும் சொல்கிறது. தவறு தவறு என்றே எழுதப்பட்டிருக்கிறது, திருத்தம் மட்டும் கருவிக்குப் போயிருக்கிறது.

இவையெல்லாம் சேர்ந்து எங்கள் சுருக்கத்தின் மையப் பகுதி இப்படி அமைந்தது:

> 14:02 முதல் 14:24 வரை புதிய ஆர்டர்கள் சேமிக்கப்படவில்லை. ஏற்கெனவே உள்ள ஆர்டர்களைப் பார்ப்பது தடைபடவில்லை, அதனால் முகப்புக் கண்காணிப்பு இதைக் காட்டவில்லை. மைக்ரேஷனை எழுதிய பொறியாளர் முதலில் `CONCURRENTLY` உடன் எழுதினார். கருவி மைக்ரேஷனை டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டுவதால் பிழை வந்தது. மாற்று வழியைப் பிழைச்செய்தியோ வழிகாட்டியோ குறிப்பிடாததால் அவர் அந்தச் சொல்லை நீக்கினார், சோதனைச் சூழலில் அது ஒரு நொடிக்குள் முடிந்தது. ரிவ்யூ திரையில் டேபிளின் அளவோ நீக்கப்பட்ட சொல்லோ தெரியவில்லை. 14:14-க்கு நிறுத்தும் யோசனை வந்தது. நிறுத்தினால் டேபிள் பாதிக்கப்படுமா என்ற ஐயத்தை ஆன்-கால் பொறியாளர் ஆவணங்களைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டு 14:24-க்கு நிறுத்தினார். இது குறித்து ரன்புக்கில் குறிப்பு இல்லை. இதே ஆபத்து பற்றிய எச்சரிக்கை ஒரு மாதத்துக்கு முன் சாட்டில் பகிரப்பட்டது, டிக்கெட்டாகப் பதிவாகவில்லை.

இதில் யாரும் திட்டப்படவில்லை, எதுவும் மறைக்கப்படவும் இல்லை. செய்ய வேண்டியவையும் இதிலிருந்து தாமாகவே வந்தன: ஏற்கெனவே உள்ள டேபிளில் `CONCURRENTLY` இல்லாத இன்டெக்ஸ் உருவாக்கத்தைத் தானியங்கிச் சோதனை மறுக்க வேண்டும், மறுக்கும் செய்தியிலேயே டிரான்ஸாக்‌ஷனை நிறுத்தும் முறை இருக்க வேண்டும், ரன்புக்கில் நிறுத்துவது பற்றிய வரிகள் சேர வேண்டும், ஆர்டர் எழுதுதலுக்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும். இந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயரைத் தயங்காமல் போடுங்கள், இனி செய்யப்போவதற்குப் பொறுப்பேற்பது பழியாகாது. உங்கள் பட்டியலில் "இனி கவனமாக இருக்க வேண்டும்", "பயிற்சி அளிக்க வேண்டும்" என்பவை மட்டுமே வந்தால் மேலே எங்கோ பழி ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள், மீண்டும் அந்தப் பத்தியைத் திறந்து பாருங்கள். எல்லாக் கெட்ட வாக்கியங்களுக்கும் ஒரே பணிப்பெயர் எழுவாயாக இருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சாட்டில் ஒருவரை இழிவுபடுத்தியோ மிரட்டியோ எழுதியிருந்தால், அதைச் சம்பவச் சுருக்கத்துக்குள் மென்மையாக்கித் தீர்க்க முயலக் கூடாது. அது வேறு விவகாரம், மேலாளரோ மனிதவளப் பிரிவோ தனியாகக் கையாள வேண்டியது. சுருக்கத்தில் அதன் நிழல்கூட வேண்டாம்.

வரைவு முடிந்ததும் கூட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பாக, சாட்டில் அதிகம் அடிபட்டவருக்கு முதலில் அனுப்புங்கள். "நான் விட்டது என்ன?" என்ற ஒரே கேள்வியோடு அனுப்பினால் போதும். அவருக்கு அடுத்து, அதிகம் கோபப்பட்டவருக்கு அனுப்புங்கள். எங்கள் சம்பவத்தில் 14:11 வரியை எழுதியவர் வரைவைப் படித்துவிட்டு ஒரு நாள் கழித்துத் தாமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: அதே பிழைச்செய்தி அவருக்கும் முந்தைய ஆண்டு வந்திருக்கிறது, அவரும் அந்தச் சொல்லை நீக்கித்தான் ஓட்டியிருக்கிறார், டேபிள் சிறியதாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.